கண்ணின் வெள்ளை

அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும், வேறு ஒரு வேலையும் இல்லை என்று பிலோமினா சொல்லியிருந்தாள். சொல்லி வாய் மூடவில்லை, ஏகாம்பரத்துக்கு இடது உள்ளங்கையில் அரிப்பு ஆரம்பித்துவிட்டது. இது என்ன கண்றாவி. கொஞ்ச நாளாகவே உள்ளங்கையும் உள்ளங்காலும் இப்படித்தான் சமயம் பார்த்து அரிக்கின்றன, சொறிந்தால் சுகமும் இல்லை, சொறியாவிட்டால் நிம்மதியும் இல்லை. வயசானால் தோல் காய்ந்து போகும், போதாததற்கு இந்த வெயில். கையை முழங்காலில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். இதே மர மேடையில், இதே நாற்காலியில் எத்தனை பேரை உட்கார வைத்து, ஆடாதே, மூச்சு விடுவதுகூட வெளியே தெரியக் கூடாது என்று அதட்டியிருப்பார். அரைநாள் கூலிக்கு மாடலாக வந்த பூக்காரிகள், ரிக்‌ஷா ஓட்டி ஓய்ந்த கிழவர்கள், அவர்களுக்கெல்லாம் அரித்திருக்காதா. அரித்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்க விரும்பவில்லை. ஓவியக் கல்லூரியின் முதல்வரான அவர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அதற்கு முன் அவர் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் எழுதி மண்டபத்தில் மாட்டியாக வேண்டும், அது இந்தக் கல்லூரியின் வழக்கம், வண்ண ஓவியத் துறையின் தலைவர்தான் எழுத வேண்டும், அதுவும் வழக்கம், அந்தத் தலைவி இந்தப் பிலோமினாவாக வந்து வாய்த்தது மட்டும் அவருடைய தலையெழுத்து. டர்பன்டைன் வாடை குப்பென்று வந்தது.

நாற்றம், நாற்றம். எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த இந்த நாற்றம் இல்லாமல் இவர்களுக்கு ஓவியம் வராது. கரியும் காகிதமும் நாறுமா. மசி நாறுமா. அவருடைய அறையில் ஒரு தூரிகை, ஒரு கிண்ணம் மசி, ஒரு தாள், அவ்வளவுதான், தரையில் ஒரு சொட்டு இருக்காது. இங்கே பாருங்கள், இவள் காலடியில் விரித்திருக்கும் செய்தித்தாள், அதில் கத்தியால் வழித்துப் போட்ட வண்ணக் குப்பை, ஈரமும் காய்ந்ததுமாக, சின்னக் குழந்தை கக்கி வைத்த மாதிரி. பிலோமினாவின் கட்டைவிரல் நகத்தில் பச்சை, புடவை ஓரத்தில் சிவப்பு, காதுமடலில் எப்படியோ கொஞ்சம் நீலம். சாப்பிடும்போது கையைக் கழுவுவாளா. ராயபுரத்திலிருந்து தினம் ரயிலில் இந்தக் கோலத்தில்தான் வருகிறாளாம், ஐம்பது வயசுக்கு மேல் ஆகிறது, ஒரு துறைக்குத் தலைவி. அவர் கண்ணை அவளிடமிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைத்தார். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும். "கண்ணு இங்க சார்," என்றாள் அவள், கான்வாஸுக்குப் பின்னாலிருந்து. கண் திரும்பி வந்தது. முதல்வர் என்ற பெயர்தான், இந்த மேடையில் ஏறிவிட்டால் கண்ணுக்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

மண்டபத்தில் மாட்டியிருக்கும் பழைய முதல்வர்களை நினைத்தாலே அவருக்குக் குமட்டும். வரிசையாக, தங்கச் சட்டம் போட்டு, எல்லாருக்கும் ரோஸ் கன்னம். கரிக்கட்டை நிறத்து மனிதர்கள் எல்லாம் ரோஸ் கன்னத்தோடு, எண்ணெய் மினுங்க, கல்யாண ரிசப்ஷனுக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் மண்டையோடு கிடையாது. தோலுக்குக் கீழே எலும்பு இருக்கிறதென்ற நினைப்பே எழுதியவனுக்கு இருந்ததில்லை. தாடை எங்கே திரும்புகிறது, கண்குழி எங்கே இறங்குகிறது, எதுவும் இல்லை, நிறத்தை அப்பி அப்பி மூடியிருக்கிறான். நாற்பது வருஷம் கோடு, கோடு என்று தொண்டை வற்றக் கத்திய ஏகாம்பரமும் அந்த வரிசையில், அதே ரோஸ் கன்னத்தோடு, பிள்ளைகள் கீழே டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே, என்றென்றைக்கும். இதுதான் அவருக்குப் பயம். சாவைவிட இது. ஆனால் அவர் கையில் ஒரு பிடி இருந்தது. படம் முடிந்ததும் எழுதப்பட்டவர் கான்வாஸின் முதுகில் கரித்துண்டால் 'சரி' என்று எழுதிப் பெயர் போட வேண்டும், போட்டால்தான் மண்டபத்துக்குப் போகும். அதுவும் வழக்கம்தான். இதுவரை எல்லா முதல்வரும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்கள். ஏகாம்பரம் போட மாட்டார். நன்றாக இல்லாவிட்டால் போட மாட்டார், நன்றாக இருக்க வழியே இல்லை, ஆகவே போட மாட்டார். அதை நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அரிப்புகூட ஒரு நொடி அடங்கியது.

எப்படி நன்றாக இருக்கும். முதல் நாள் வந்தவள் என்ன செய்தாள். கரித்துண்டைத் தொடவே இல்லை. வெள்ளைக் கான்வாஸ் முழுக்கக் காபிக் கறை மாதிரி ஒரு பழுப்பைப் பூசித் துணியால் துடைத்தாள், கண்ணை இடுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள், அகலத் தூரிகையை எடுத்து ஒரு இருட்டுத் திட்டு, ஒரு வெளிச்சத் திட்டு, பின்னால் சுவருக்கு ஒரு சாம்பல், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மேலேயும் கீழேயுமாக வைத்துக்கொண்டே போனாள். மூக்கு இல்லை, கண் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிசைந்த சோறு. "எங்கம்மா டிராயிங்?" என்று கேட்டார். "வரும் சார்," என்றாள். டிராயிங் என்ன பஸ்ஸா, வருவதற்கு. முதலில் அது இருந்தால்தானே மற்றதெல்லாம். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் அவர் நடத்தும் முதல் பாடமே அதுதான், இப்போதும் உதடு அசையாமல் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இத்தாலி தேசத்தில் இரண்டு ஊர். ஃப்ளாரன்ஸ்காரன் சொன்னான், ஓவியம் என்பது கோடு, கோடு என்பது புத்தி. வரைவதற்கும் மனசில் திட்டமிடுவதற்கும் அவன் ஊரில் ஒரே சொல், 'டிசென்யோ'. ஈரச் சுண்ணாம்புச் சுவரில் எழுதுகிறவன் அவன், சுவர் காய்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும், யோசிக்க நேரம் கிடையாது, ஆகவே எல்லா யோசனையையும் முன்னாலேயே காகிதத்தில் முடித்துக்கொள்வான். சுவர் அளவுக்கே பெரிய காகிதத்தில் வரைந்து, கோட்டு வழியே ஊசியால் பொத்தல் குத்தி, சுவரில் ஒட்டிக் கரித்தூள் மூட்டையால் தட்டுவான், கோடு சுவரில் இறங்கிவிடும். வண்ணம் பிறகு, வேலையாள்கூடப் பூசலாம். வெனிஸ்காரன் என்ன சொன்னான். கடல் காற்றில் அவன் ஊர்ச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது, ஆகவே துணியில் எண்ணெய் வண்ணத்துக்குப் போனான், எண்ணெய் மெல்லக் காயும், அழிக்கலாம், வழிக்கலாம், மேலேயே மறுபடி எழுதலாம், முன்கூட்டி யோசிப்பானேன் என்று வண்ணத்திலேயே தேடித் தடவிக்கொண்டு போனான். 'கொலோரே' என்றான். நிறம்தான் உயிர், கோடு உலகத்திலேயே கிடையாது, இரண்டு நிறம் முட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் கோடு என்கிறோம் என்றான். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு தலைமுறை அடித்துக்கொண்டார்கள். இங்கே நிறுத்தி ஏகாம்பரம் வகுப்பைப் பார்ப்பார். கண்ணில்லாதவன் தடவிப் பார்த்து உருவத்தைத் தெரிந்துகொள்வான், நிறத்தை அவனால் தெரிந்துகொள்ள முடியுமா. விளக்கை மாற்றினால் நிறம் மாறும், மூக்கு மாறுமா. மாறுவது பொய். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருத்தரும் வண்ணப்பெட்டியைத் தொடக் கூடாது. வகுப்பு கப்சிப்பென்று இருக்கும், அந்த அமைதி அவருக்கு மிகவும் பிடிக்கும்.

பழைய தமிழில்கூட வண்ணம் தீட்டாத படத்துக்குப் புனையா ஓவியம் என்று தனிப்பெயர் இருந்தது. புனையாதது. அலங்காரம் பண்ணாதது, பவுடர் அப்பாதது. பவுடர் என்றதும் கல்யாணத்தன்று காஞ்சிபுரத்தில் அந்த ஸ்டூடியோக்காரன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான், சனியன், எப்போதும் கூப்பிடாமலே வருவான். மாப்பிள்ளை கொஞ்சம் டார்க், லைட்டா டச்சப் பண்ணிடலாம் என்று சொல்லி, வியர்வை ஊறிய ஒரு பஞ்சால், அதற்கு முன் எத்தனை மாப்பிள்ளைகளின் கன்னத்தைத் தொட்ட பஞ்சோ, மூஞ்சி முழுக்க ரோஸ் பவுடரை அடித்தான். மாமனார் பக்கத்தில் நின்று தலையாட்டினார். வாய்க்குள் போனது, மூக்கில் ஏறியது, தும்மக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார், மணப்பெண் கோமளா பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். படத்தில் பார்த்தால் பிணத்துக்குச் சிங்காரித்த மாதிரி இருந்தது, கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பெண் பார்க்கப் போனதிலிருந்து பையன் கறுப்பு, பையன் கறுப்பு என்று கிசுகிசுத்தார்களே, அவர் வரைந்த படத்தை யாராவது கேட்டார்களா. நிறத்தைத்தான் கேட்டார்கள். மனிதர்கள் நிறத்தைத்தான் கேட்பார்கள், அவ்வளவு மட்டமான ஜன்மங்கள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பிறகு அவர் படத்தில் கறுப்பும் தாளின் வெறுமையும் தவிர வேறொன்றும் வந்ததில்லை. கையெடுக்காமல் ஒரே கோட்டில் ஒரு மாட்டை, ஒரு பெண்ணின் முதுகை. டெல்லி வரை அந்தக் கோடு போயிருக்கிறது.

"சார், சட்டைக் காலரைக் கொஞ்சம் வெளிய இழுத்து விடுங்க," என்றாள் பிலோமினா. இழுத்து விட்டார். காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று கிடந்தது. எல்லாச் சட்டையும் இப்படித்தான் ஆகிவிட்டது, பேன்ட்டுக்கு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியதாயிற்று. கோமளா மகளின் பிரசவத்துக்கென்று பெங்களூர் போய் உட்கார்ந்துவிட்டாள், இவர் மெஸ்ஸில் சாப்பிடுகிறார், மெஸ்ஸா அது, சாம்பாரின் மேல் ஒரு விரல் எண்ணெய் மிதக்கிறது, அதைப் பார்த்தாலே போதும், சோறு தொண்டையில் நின்றுவிடுகிறது. இன்று மத்தியானம் ஒரு பிடி தயிர் சாதம், அதுவும் பாதியில். காபி குடித்தால் வாயெல்லாம் கசப்பு. முன்பெல்லாம் டர்பன்டைன் வாடை பிடிக்காது, அவ்வளவுதான், இப்போது வாந்தியே வருகிறது, எல்லாவற்றின் மீதும் வெறுப்பாக வருகிறது, பஸ்ஸில் பக்கத்து ஆளின் தலை எண்ணெய், மாணவர்களின் சிரிப்பு, தன்னுடைய நாக்கு, கக்கூஸில் போனால் பால் விடாத கட்டங்காப்பி மாதிரி போகிற மூத்திரம், சை, தண்ணீர் குடிப்பதில்லை, அதுதான், வெயில் சூடு. ஓய்வு பெறப் போகிறவனுக்கு உலகம் கசக்கும் என்று யாரோ சொன்னார்கள். கோமளா வீடியோவில் வந்து, "இளைச்சுப் போயிட்டீங்களே, நல்லா சாப்பிடுங்க," என்கிறாள். போன் எல்லார் முகத்தையும் ஒரே மாதிரி வெளுத்துக் காட்டுகிறது, பேத்தியும் வெள்ளை, கோமளாவும் வெள்ளை, மூலையில் சின்னக் கட்டத்தில் அவரும் வெள்ளை. வீட்டில் மாப்பிள்ளை போன தீபாவளிக்கு வந்து குளியலறை முதல் சமையலறை வரை மஞ்சளாக எரிகிற பல்புகளாக மாற்றிவிட்டுப் போனார், கண்ணுக்கு இதமாம். அந்த இதத்தில்தான் தினமும் சவரம் செய்கிறார், தாடையின் கோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்டுகிறார், வேறு எதைப் பார்க்க இருக்கிறது முகத்தில்.

கத்தி உரசும் சத்தம் கேட்டது. பிலோமினா மறுபடியும் சுரண்டுகிறாள். ஆஹா என்று உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது, கெட்ட சந்தோஷம்தான், இருக்கட்டும். வண்ணக் கலவையைக் கத்தி நுனியால் வழித்துச் செய்தித்தாளில் தேய்த்தாள், கான்வாஸிலிருந்து விலகி நின்று அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கோடு இல்லாமல் கிளம்பினால் இந்தக் கதிதான், எங்கே போகிறோம் என்று தெரியாது, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி. போன தடவையும் இதே இடத்தில்தான் சிக்கினாள், அதற்கு முந்தின தடவையும். இரண்டாவது முறை உட்கார்ந்தபோது அவர் பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் பார்த்தார், பார்த்தால் கண்ணின் வெள்ளையில் மஞ்சளைப் பூசி வைத்திருக்கிறாள். கண்ணில், மஞ்சள். பூனைக்குப் போடுகிற மாதிரி. "இது என்னம்மா இது? கண்ணு வெள்ளைன்னா வெள்ளையா போடு. மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அவள் தயங்கினாள். "எனக்கு அப்படித்தான் சார் தெரியுது," என்றாள். "உனக்குத் தெரியுறதெல்லாம் இருந்துடுமா? ஜன்னலுக்கு வெளிய பாரு," என்றார். ஜன்னலுக்கு வெளியே கொன்றை மரம் ஓர் இலை தெரியாமல் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது, மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், பார்க்கவே கூசியது. "ஆமா சார், அதோட ரிஃப்ளெக்‌ஷனா இருக்கும்," என்று அவள் ஒப்புக்கொண்டு வழித்துவிட்டாள். அதற்கடுத்த முறை வரும்போது ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி மறைத்துவிட்டு உட்கார்ந்தாள், மறுபடி மஞ்சள் வந்தது, மறுபடி வழித்தாள், கத்திச் சத்தம் கேட்டு அவர் மேடையிலிருந்தே, "வெள்ளை, பிலோமினா, வெள்ளை," என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. பாவம், அவள் முகம் சுருங்கிப் போயிற்று. இவர்களை இப்படித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

"கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்குங்க சார்," என்றாள். ஏகாம்பரம் இறங்கினார், உள்ளங்கையை நாற்காலி முனையில் வைத்து நன்றாகத் தேய்த்தார், அப்பாடா. மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு கான்வாஸுக்கு முன்னால் போனார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வுப் படம் பார்க்கிற நடையில். காது இல்லை. இடது காது முழுசாக இருட்டில் கரைந்து கிடந்தது. "காது எங்கம்மா?" "இருட்டுல போயிடுச்சு சார்." "இருட்டுல போனாலும் காது காதுதான். எனக்கு ரெண்டு காது இருக்கு." கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் பூச்சு, தாடைக்கு விளிம்பே கிடையாது, முகத்தின் பழுப்பும் சுவரின் சாம்பலும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து குழம்பியிருந்தது, கன்னத்து நிழலில் பச்சை, ஐயோ, பச்சை. சட்டையைப் பார்த்ததும் அவருக்கு வாய் கசந்தது. "என் சட்டை வெள்ளைம்மா. காலையில துவைச்சுப் போட்ட வெள்ளைச் சட்டை. நீ என்ன கத்திரிப்பூ கலர்ல போட்டு வெச்சிருக்கே?" என்றார். "கலக்கும்போது வெறும் சாம்பல்தான் சார் எடுத்தேன்," என்றாள் பிலோமினா மெதுவாக. "கருப்பும் வெள்ளையும்தான். வேணும்னா பேலட்ல பாருங்க. உங்க முகத்துக்குப் பக்கத்துல வெச்சதும் அது கத்திரிப்பூவா தெரியுது. மஞ்சளுக்குப் பக்கத்துல சாம்பலை வெச்சா அப்படித்தான் தெரியும்." அவர் பேலட்டைப் பார்த்தார். சாம்பல்தான். கட்டைவிரலை நீட்டிப் படத்தில் முகத்தை மறைத்துச் சட்டையை மட்டும் பார்த்தார். சாம்பல். விரலை எடுத்தார். கத்திரிப்பூ. பொய், பொய், இதைத்தானே சொல்கிறேன், பக்கத்தில் யார் என்று பார்த்து ஆளை மாற்றிக்கொள்கிற சாமான், இதை நம்பி எப்படி ஒரு முகத்தை ஒப்படைப்பது. "என் மூஞ்சி மஞ்சளா?" என்று கேட்டார், எரிச்சலாக. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் இடியும் மின்னலுமாகக் கோடை மழை கொட்டியது. வேட்டி மறைப்பை அவள் இன்று கட்டவில்லை என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். வெளியே கொன்றை மரம் மொட்டையாக நின்றது, பூவெல்லாம் கீழே சேற்றோடு மிதிபட்டு அழுகிக் கிடந்தது, அந்த வாடையும் லேசாக வந்தது, இனிப்பான, கெட்டுப்போன வாடை. பிலோமினா பேசினாள், அவரிடம் பேசுகிறாளா தனக்குத்தானே பேசுகிறாளா என்று தெரியாத குரலில். "பூ இல்ல சார் இப்ப. வெளிய மஞ்சள்னு ஒண்ணுமே இல்ல. அப்படியே வெளியேருந்து வந்தாலும் முதல்ல சட்டையில விழணும். சட்டைதான் பெருசு, சட்டைதான் வெள்ளை. சட்டையில துளி மஞ்சள் இல்ல. கண்ணுல மட்டும் இருக்கு." படிப்படியாகச் சொன்னாள். அவர் கோட்டைப் பற்றிச் சொல்வதைப் போலவே, ஒன்றை வைத்து அதன் மேல் ஒன்றாக. இவளுக்கு இப்படிப் பேச வருமென்று அவருக்குத் தெரியாது. ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "சார், கண்ணாடியைக் கழட்டுங்க. ஜன்னல்கிட்ட வாங்க," என்றாள். அதட்டல் இல்லை, ஆனால் அவர் போனார். அவள் ஒரு புதுத் தாளை எடுத்து அவர் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள், வண்ண வாடை அடிக்கும் விரல், அவர் முகத்தைச் சுளிக்க மறந்துவிட்டார். "மேல பாருங்க. கீழ் இமையை இழுத்துக்குங்க." பிறகு, "கையைக் காட்டுங்க சார். உள்ளங்கை." தாளைக் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓவியம் தப்பாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வைத்திருக்கும் முகக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கண்ணாடியில் அவருடைய முகம் இருந்தது. பழக்கதோஷம், முதலில் கோட்டைத்தான் பார்த்தார். நெற்றி, புருவ எலும்பு, மூக்குத் தண்டு, மேலுதட்டின் வளைவு, தாடை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, கன்னம் ஒட்டி முன்பைவிடத் துல்லியமாகக்கூட இருந்தது, வரைந்தால் பிரமாதமாக வரும். காலையில்கூட முதல்வர் அறையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மண்டபத்தில் இந்தக் குப்பைக்குப் பதிலாக இதை மாட்டுங்கள் என்று கொடுப்பதற்காக, தன்னைத் தானே ஒரே கோட்டில் வரைந்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு குறை சொல்ல முடியாத படம். கண்ணை இரண்டு வளைவில் முடித்திருந்தார், நடுவில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு. தாளின் வெள்ளை. இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் பிலோமினா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தாள் வெள்ளையாக இருந்தது, சட்டை வெள்ளையாக இருந்தது, இரண்டுக்கும் நடுவே அவர் கண் பழுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. மஞ்சள் காமாலை என்று அவர் வாய்க்குள் சொல் வந்து நின்றது. அரிப்பு, கசப்பு, கட்டங்காப்பி, பெல்ட் ஓட்டை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்து அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டன. வலியே இல்லையே. வலியில்லாமல் வருகிற காமாலைதான் மோசமானது என்று பெரியப்பாவுக்குச் சொன்னார்களே, கணையத்தில் என்னவோ என்று, அவர் அந்த வருஷப் பொங்கலைப் பார்க்கவில்லையே. இல்லை, அது வேறு. சாதாரணமாகவும் வரும். நிறையப் பேருக்கு வருகிறது, கீழாநெல்லி சாப்பிட்டு எழுந்து நடக்கிறார்கள்.

"எப்போலேருந்தும்மா?" என்று கேட்டார். "ரெண்டாவது சிட்டிங்லயே தெரிஞ்சுது சார்." "சொல்லியிருக்கலாமே." பிலோமினா அவரைப் பார்த்தாள், கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "சொன்னேனே சார். நீங்க வெள்ளையா போடச் சொன்னீங்க. நானும் என் கண்ணுதான் தப்புன்னு நெனைச்சேன். கடையில புது டியூப் வாங்கிப் பார்த்தேன். என் கண்ணை டெஸ்ட் பண்ணிட்டு வந்தேன்." கண்ணை டெஸ்ட் பண்ணினாளாம். ஏகாம்பரத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, இந்தத் தடவை எண்ணெய் வாடையால் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தரையில் செய்தித்தாள் தெரிந்தது, கத்தியால் வழித்த குப்பை, அதில் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மஞ்சள் திட்டு. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். வெனிஸ்காரனின் எண்ணெய் மெல்லத்தான் காயும், அதை அவரே எத்தனை தடவை கேலியாகச் சொல்லியிருக்கிறார். அடியில் இருந்தது கல்லாகக் காய்ந்திருந்தது, அது இரண்டாவது முறை வழித்தது. அதன்மேல் பாலாடை கட்டிய மாதிரி மேல்தோல் மட்டும் இறுகி, அழுத்தினால் உள்ளே நெளிந்தது, அது அடுத்த முறை. எல்லாவற்றுக்கும் மேலே ஈரமாக, இன்றைக்குச் சுரண்டியது. விரலில் ஒட்டிக்கொண்டது. அடியிலிருந்து மேல் வரை ஒரே மஞ்சள் இல்லை, மேலே வர வர அழுத்தமாகியிருந்தது. அவள் பார்த்துப் பார்த்துத்தான் கலந்திருக்கிறாள். அவர் சொல்லச் சொல்லத்தான் வழித்திருக்கிறாள். அடித்திட்டுக்கும் மேல்திட்டுக்கும் நடுவில் போன நாட்களில் எந்த டாக்டரையும் பார்க்காமல் அவர் கோட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆட்டோ கூப்பிடுறேன் சார். ஜி.எச்.ல எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க, நானும் கூட வரேன்," என்று பிலோமினா கைப்பையைத் தேடினாள். "துடைக்க ஒரு துணி குடும்மா," என்றார் ஏகாம்பரம். கொடுத்தாள், டர்பன்டைன் நனைத்த துணி, மூக்கைப் பிடிக்காமல் வாங்கிக்கொண்டார். விரலைத் துடைத்தார். துணியில் மஞ்சள் வந்தது. இன்னும் துடைத்தார், துணி சுத்தமாக வந்தது, விரல் நுனி மட்டும் மாறவில்லை, பக்கத்து விரலும் அப்படியே இருந்தது, அதில் வண்ணமே பட்டிருக்கவில்லை. மேடை ஏறி நாற்காலியில் உட்கார்ந்தார். "போடு," என்றார். "சார், முதல்ல ஆஸ்பத்திரி." "ரெண்டு கண்ணு, ரெண்டு தொடல். எவ்வளவு நேரம் ஆகப்போகுது உனக்கு. போட்டுட்டு வா, போவோம்." அவள் பையை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தாள். கண்ணை இடுக்கி அவரைப் பார்த்தாள், பேலட்டில் கலந்தாள், சாம்பலில் கொஞ்சம் தொட்டாள், மறுபடி பார்த்தாள். எவ்வளவு கொடூரமாகப் பார்க்கிறாள் என்று நினைத்தார், இப்படி ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை, கோமளாகூட, அவர் யாரையும் இப்படிப் பார்த்ததில்லை. கை அரித்தது, விட்டுவிட்டார். தூரிகை ஒரு கண்ணில் பட்டது, மறு கண்ணில் பட்டது. பிலோமினா பின்னால் நகர்ந்து நின்றாள். அவர் கத்தியின் சத்தத்துக்குக் காத்திருந்தார். இந்தத் தடவை அவள் சுரண்டவில்லை. "கரித்துண்டு இருந்தா எடு," என்றார் ஏகாம்பரம், "பின்பக்கம் எழுதணும்."